முப்பதும் இருபதும் சேர்ந்து ஏன் நாற்பத்து நான்கு ஆகிறது?

"ஆடித் தள்ளுபடிக்குச் சேலம் கடைவீதியில் துணி எடுத்தோம். கடை முழுக்க 30% தள்ளுபடி, போனுக்கு வந்த கூப்பனைக் காட்டினால் அதற்கு மேல் இன்னும் 20% என்று போட்டிருந்தார்கள். ஒரு சேலை, ஒரு சட்டை, ஒரு வேட்டி. எம்.ஆர்.பி.யைக் கூட்டினால் 6,000 ரூபாய். பாதி விலைதானே, 3,000 கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். 3,360 வாங்கினார்கள். பில் போடும் பெண் 'கணக்கு சரிதாங்க' என்று மட்டும் சொன்னார். 360 ரூபாய் ஏமாந்துவிட்டேனா? அடுத்த முறை கவுன்டரிலேயே எப்படிச் சரிபார்ப்பது?"

ஏமாறவில்லைங்க. அந்தப் பெண் சொன்னது சரி, உங்கள் பில் ஒரு ரூபாய் கூடப் பிசகாமல் இருக்கிறது. ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது அவரால் நின்று விளக்க முடிந்திருக்காது. இந்த ஊரில் துணிக்கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், அவர் சொல்ல நேரமில்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சரியான பில்லைச் சந்தேகப்படுவதைவிடத் தவறான பில்லைத் தெரியாமல் வாங்கிக்கொண்டு போவதுதான் எனக்கு வருத்தமான விஷயம். அதனால் தவறு எங்கெல்லாம் வரும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. 6,000 ரூபாயில் 30% என்றால் 1,800. அது போக மீதி 4,200. கூப்பனின் 20% இந்த 4,200-க்குத்தான். அதாவது 840. அதையும் கழித்தால் 3,360. மொத்தம் உங்களுக்குக் குறைந்தது 2,640 ரூபாய், அது 6,000-இல் 44%.

நீங்கள் எதிர்பார்த்த 50%-க்கும் வந்த 44%-க்கும் நடுவில் இருக்கும் அந்த 360 ரூபாய் எங்கே போனது என்று பார்த்தால் விஷயம் முழுக்கப் புரிந்துவிடும். நீங்கள் மனசுக்குள் கூப்பனின் 20%-ஐயும் 6,000-க்கே போட்டீர்கள், 1,200 என்று. ஆனால் அந்த 6,000-இல் 1,800 ரூபாயைக் கடை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டது. நீங்கள் தரவே போவதில்லாத அந்த 1,800-க்கும் ஒரு 20% தள்ளுபடி கேட்டிருக்கிறீர்கள். 1,800-இல் 20% எவ்வளவு? சரியாக 360. உங்கள் 'இழப்பு' முழுவதும் அதுதான்.

பத்து மீட்டர் துணியில் மூன்று மீட்டரைக் கிழித்துக் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒருவர் வந்து "ஐந்தில் ஒரு பங்கு கொடு" என்றால், மேசையில் கிடக்கும் ஏழு மீட்டரில்தான் அளக்க முடியும். ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 1.4 மீட்டர் வரும். போன மூன்று மீட்டரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மீட்டர் கேட்க முடியாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் 50% தள்ளுபடியும் அதற்கு மேல் 50% கூப்பனும் என்று போட்டுப் பாருங்கள். கூட்டல் கணக்குப்படி 100%, துணி இலவசம். 60-உம் 50-உம் என்றால் 110%, அதாவது துணியையும் கொடுத்துக் கடைக்காரர் மேற்கொண்டு பணமும் தர வேண்டும். அப்படி எந்தக் கடையும் நடக்காது. பாதியில் பாதி என்றால் கால்தான். 100 ரூபாய்ப் பொருளுக்கு 25 ரூபாய் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே சதவீதம் என்று எதைப் பார்த்தாலும், எவ்வளவு என்பதற்கு முன்னால் 'எதன் மேல்?' என்று கேளுங்கள். இந்தப் பதிலில் மிச்சம் நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வருகிறது.

சரி, கவுன்டரில் எப்படிப் போடுவது? கழிக்கப்படுவதை மறந்துவிடுங்கள், மிஞ்சுவதைப் பெருக்குங்கள். 30% போனால் மிஞ்சுவது 70%, அதாவது 0.7. 20% போனால் மிஞ்சுவது 0.8. போனில் இருக்கும் கால்குலேட்டரில் இப்படித் தட்டினால் போதும்:

6000 × 0.7 × 0.8 = 3360

கால்குலேட்டரில் % பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். எல்லாக் கால்குலேட்டரிலும் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலது முன்னால் இருக்கும் தொகைக்குச் சதவீதம் போடும், சிலது வெறுமனே நூறால் வகுத்துவிட்டு நிற்கும். கையில் இருக்கும் கால்குலேட்டர் எந்த வகை என்று தெரியாமல் அதை நம்ப வேண்டாம். 0.7, 0.8 என்று பெருக்கினால் எந்தக் கால்குலேட்டரிலும் விடை மாறாது.

மனக்கணக்காகப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு சதவீதத்தையும் கூட்டுங்கள், இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்து வருவதைக் கழியுங்கள். 30-உம் 20-உம் 50. முப்பதிருபது அறுநூறு, நூறால் வகுத்தால் 6. ஐம்பதில் ஆறு போனால் 44. நான் 'விட்டுக்கொடுத்த பணத்துக்கும் தள்ளுபடி' என்று மேலே சொன்ன பகுதிதான் அந்த 6. மூன்றாவதாக இன்னொரு 10% வந்தால் 44-ஐயும் 10-ஐயும் அதே மாதிரி சேருங்கள்: 54-இல் 4.4 போனால் 49.6. மூன்று தள்ளுபடி சேர்ந்தும் பாதியைத் தொடவில்லை, பாருங்கள்.

இரண்டுமே சதவீதமாக இருக்கும்வரை எதை முதலில் கழித்தாலும் ஒன்றுதான். கூப்பனை முதலில் போட்டால் 6,000-இல் 20% போக 4,800, அதில் 30% போக அதே 3,360. "கூப்பனை முதலில் அடிங்க" என்று சிலர் கவுன்டரில் வற்புறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பைசா லாபமும் இல்லை.

ஆனால் கூப்பன் சதவீதமாக இல்லாமல் 'ரூ.500 தள்ளுபடி' என்று ரொக்கமாக இருந்தால் வரிசை முக்கியம். உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். முதலில் 30% கழித்துவிட்டு 500-ஐ எடுத்தால் 4,200 போய் 3,700. முதலில் 500-ஐ எடுத்துவிட்டு 30% கழித்தால் 5,500-இல் 70%, அதாவது 3,850. ஒரே துணி, ஒரே கூப்பன், 150 ரூபாய் வித்தியாசம். அந்த 150 எங்கிருந்து வந்தது? 500-இல் 30%. கூப்பன் முதலில் போனால், கையில் இருந்த 500 ரூபாய்க் கூப்பனின் மதிப்பையே 30% தள்ளுபடி தின்றுவிடுகிறது, அது 350 ரூபாய்க் கூப்பன் ஆகிவிடுகிறது. சதவீதம் முதலில், ரொக்கக் கூப்பன் கடைசியில் என்பதுதான் வாங்குகிறவருக்கு நல்லது.

பெரும்பாலும் கடைகளில் நடப்பதும் அதுதான். கம்ப்யூட்டர் பில்லில் 30% என்பது ஒவ்வொரு துணியின் பார்கோடோடும் சேர்ந்தே வந்துவிடும், ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாகக் கழியும். கூப்பன் எண்ணைக் கடைசியில், மொத்தத்துக்குத்தான் அடிப்பார்கள். பில்லை நீளவாக்கில் பார்த்தால் தெரியும்: துணியின் பெயருக்கு நேராக ஒரு கழிவு இருக்கும், கீழே கூட்டுத்தொகைக்கு அடியில் இன்னொரு கழிவு இருக்கும். அந்த இரண்டாவது கழிவுக்கு மேலே இருக்கும் தொகைதான் கூப்பன் எதன் மேல் போடப்பட்டது என்பதற்குச் சாட்சி. உங்கள் பில்லில் அந்த இடத்தில் 4,200 இருக்க வேண்டும்.

இனி, உண்மையிலேயே ஆட்கள் பணம் விடும் இடத்துக்கு வருகிறேன். அது கூப்பனின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு வரிகள். ஒன்று உச்சவரம்பு, இன்னொன்று குறைந்தபட்ச பில்.

'20% தள்ளுபடி, அதிகபட்சம் ரூ.500' என்று கூப்பனில் இருந்தால், 4,200-இல் 20% ஆன 840 உங்களுக்குக் கிடைக்காது. 500-உடன் நின்றுவிடும். பில் 3,700. உண்மையில் உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி 44% இல்லை, 38 சொச்சம். 30% போக மீதி 2,500-ஐத் தாண்டியதும் இந்த வரம்பு இடிக்க ஆரம்பித்துவிடும். துணியில் ஒட்டியிருக்கும் விலையில் சொன்னால் சுமார் 3,570 ரூபாய். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு துணிக்கும் 30% மட்டும்தான், கூப்பனால் மேற்கொண்டு ஒன்றும் கிடைக்காது. கல்யாணத்துக்கு எடுக்கிறேன் என்று 12,000 ரூபாய்க்கு எடுத்தால், 8,400-இல் 500 போய் 7,900. முப்பத்து நான்கு சதவீதம்தான். சுவரில் எழுதியிருக்கும் '30% + 20%' என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.

இப்படி வரம்பு வைத்த கூப்பன் ஒரு போன் எண்ணுக்கு ஒன்று என்று வந்திருந்தால், வீட்டில் இரண்டு பேருக்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சேலைக்கு அம்மா போனில் ஒரு பில், சட்டைக்கும் வேட்டிக்கும் அப்பா போனில் ஒரு பில். சேலை 3,600 என்றால் 30% போக 2,520, அதில் 500 போக 2,020. சட்டை 1,400-உம் வேட்டி 1,000-உம் சேர்ந்து 2,400, தள்ளுபடி போக 1,680, அதில் 20% போக 1,344. இரண்டும் சேர்ந்து 3,364. ஒரே பில்லாகப் போட்டிருந்தால் 3,700. கடை ஒப்புக்கொண்ட விதிக்கு உள்ளேயே 336 ரூபாய் மிச்சம். கூப்பனில் குறைந்தபட்ச பில் என்று எதுவும் போடவில்லை என்றால் மட்டும் இது செல்லும்.

அந்தக் குறைந்தபட்ச பில் என்பதில்தான் கவுன்டர் சண்டைகள் அதிகம். 'ரூ.5,000-க்கு மேல் வாங்கினால் 20%' என்று போட்டிருக்கிறது, நீங்கள் 6,000-க்கு எடுத்திருக்கிறீர்கள், கூப்பன் ஏறவில்லை. ஏன்? அந்த 5,000-ஐத் தள்ளுபடி போன பிறகுள்ள தொகையில் பார்க்கிறார்கள். உங்கள் தொகை அங்கே 4,200. இதிலும் 'எதன் மேல்?' என்ற அதே கேள்விதான், இந்த முறை சதவீதத்துக்கு அல்ல, வரம்புக்கு. எம்.ஆர்.பி.யின் மேலா, தள்ளுபடி போன தொகையின் மேலா என்பதைத் துணி எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பில் போட வரும்போது கேட்டால் அப்போது எடுக்கிற முடிவு அவசர முடிவாகத்தான் இருக்கும்.

அப்படி வரம்பைத் தொட 800 ரூபாய் குறைகிறது என்றால், கவுன்டர் பக்கத்தில் தொங்கும் நைட்டியை எடுத்துப் போடலாமா? இதற்குப் பதில் கூப்பனைப் பொறுத்தது. 1,150 ரூபாய் நைட்டி, 30% போக 805. மொத்தம் 5,005 ஆகிறது. கூப்பன் வரம்பில்லாத 20% என்றால் 1,001 கழியும், நீங்கள் தருவது 4,004. நைட்டி இல்லாமல், கூப்பன் இல்லாமல் தர வேண்டியது 4,200. ஆக நைட்டியும் வீட்டுக்கு வருகிறது, 196 ரூபாயும் மிஞ்சுகிறது. தாராளமாக எடுங்கள். அதே கூப்பன் 500-உடன் நின்றுவிடும் வகை என்றால் 5,005-இல் 500 போக 4,505. முன்பைவிட 305 ரூபாய் கூடுதல். நைட்டி வேண்டியிருந்தால் 305 ரூபாய்க்கு ஒரு நைட்டி, அது நல்ல விலைதான். வேண்டாத நைட்டி என்றால் 'தள்ளுபடி கிடைத்தது' என்ற நினைப்பில் 305 ரூபாய் கையை விட்டுப் போகிறது. எத்தனை சதவீதம் கிடைத்தது என்று பார்க்காதீர்கள். எடுத்தால் எவ்வளவு தருவேன், எடுக்காவிட்டால் எவ்வளவு தருவேன் என்று இரண்டு தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வரியையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் உட்பட்ட விலை. ஆகவே அதில் 44% கழிந்து வரும் 3,360-க்கு உள்ளேயே ஜி.எஸ்.டி. இருக்கிறது. உங்கள் பில்லின் அடியில் பாருங்கள். 5% வரித் துணி என்றால், வரிக்கு முந்தைய மதிப்பு 3,200, சி.ஜி.எஸ்.டி. 80, எஸ்.ஜி.எஸ்.டி. 80 என்று பிரித்துக் காட்டியிருக்கும். மூன்றையும் கூட்டினால் 3,360. இது புதிதாகச் சேர்த்த வரி இல்லை, உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்டுவது. நீங்களே சரிபார்க்க 3360 × 5 ÷ 105 என்று போடுங்கள், 160 வரும். (2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் துணிக்கு ஒரு உருப்படியின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. இந்த 2,500 என்பது தள்ளுபடிக்குப் பிந்தைய விலையை வைத்துத்தான்.)

மாறாக, 3,360 போட்டுவிட்டு அதன் மேல் 5% சேர்த்து 3,528 என்று பில் வந்தால், எம்.ஆர்.பி. ஒட்டிய துணிக்கு அது தப்பு. 168 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். 'தள்ளுபடி விலைக்கு வரி தனி' என்று சின்ன எழுத்தில் பலகை வைத்திருந்தாலும் அது செல்லாது. வாட் வரி இருந்த காலத்து வழக்கு ஒன்றில், எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி கொடுத்துவிட்டு அதன் மேல் வரியைத் தனியாக வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2017-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதலில் கடை மேனேஜரிடம் பில்லைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில்லில் வந்த தொகை நீங்கள் போட்ட தொகையோடு ஒத்துப்போகவில்லை என்றால், எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. கட்டிய தொகையை எம்.ஆர்.பி. கூட்டுத்தொகையால் வகுங்கள். உங்களுக்கு 3360 ÷ 6000 = 0.56, அதாவது 0.7 × 0.8. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் இந்த எண்தான் வர வேண்டும். 0.588 வந்தால் மேலே சொன்ன மாதிரி 5% வரியைத் தனியாகச் சேர்த்துவிட்டார்கள். 0.7 வந்தால் கூப்பன் ஏறவே இல்லை. 0.8 வந்தால் கூப்பன் ஏறிவிட்டது, 30% விழவில்லை. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேராது என்ற விதி கூப்பனில் இருந்தால் பில் போடும் கம்ப்யூட்டர் இப்படிச் செய்யும். 30%-ஐ வைத்துக்கொள்வதா 20%-ஐ வைத்துக்கொள்வதா என்று அப்போது உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த எண்கள் எதுவுமே இல்லாமல் நடுவில் ஏதோ ஒன்று வந்தால், முதலில் கூப்பனின் உச்சவரம்பு இடித்ததா என்று பாருங்கள்; அது இல்லை என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு துணி தள்ளுபடியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உதாரணமாக உங்கள் வேட்டிக்கு 30% கிடையாது, கூப்பன் மட்டும் உண்டு என்றால் பில் 3,600 ஆகியிருக்கும், விகிதம் 0.6. வேட்டிக்கு இரண்டுமே கிடையாது என்றால் 3,800. அப்படிப்பட்ட சமயத்தில் மொத்தத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். பில்லில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பாருங்கள், எந்த வரியில் கழிவுக்கு நேராகப் பூஜ்யம் இருக்கிறதோ அதுதான் ஆள். வெண்பட்டு, புது வரவு, சில பிராண்டுச் சட்டைகள் எல்லாம் இப்படி விலக்கப்படுவது சகஜம். விலக்கு என்று ரேக்கிலேயே எழுதி வைத்திருந்தால் கடை மேல் குறை சொல்ல முடியாது. 'கடை முழுக்க' என்று எழுதிவிட்டு பில்லில் மட்டும் விலக்கினால் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஒன்று இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் பைசாவை முழு ரூபாயாக்குவதில் அது வந்துவிடும், பில்லின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று காட்டியும் இருப்பார்கள்.

துணியை விட்டுச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வாங்கப் போனால் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிவிடும். அங்கே '20% தள்ளுபடி' என்று போட்டிருப்பது அனேகமாகக் கூலியின் மேல்தான், வெள்ளி விலையின் மேல் இல்லை. வெள்ளி 10,000, கூலி 1,500 என்றால் 20% தள்ளுபடி 300 ரூபாய். மொத்தம் 11,500-க்கு அது மூன்று சதவீதம் கூட வராது. நகைக்கு எம்.ஆர்.பி. என்று ஒன்று ஒட்டியிருக்காது, அன்றைய வெள்ளி விலைதான் கணக்கு. ஆகவே அங்கே 3% ஜி.எஸ்.டி. கடைசியில் தனியாகச் சேர்வது முறையானதே. துணிக்கடைக் கணக்கை அங்கே கொண்டுபோய்ச் சண்டை போட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பில் கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டியது: திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு வரும்? சட்டை அளவு சரியில்லை என்று திருப்பினால், 1,400-இல் 30% போக 980 வரும் என்று நினைப்போம். ஆனால் அந்தச் சட்டைக்கு நீங்கள் உண்மையில் கட்டியது 1400 × 0.56, அதாவது 784. அதைத்தான் திருப்புவார்கள், அல்லது அந்தத் தொகைக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது நியாயமானதே. ரொக்கக் கூப்பன் 500 போட்டிருந்தால் அந்த 500-ஐ மூன்று துணிக்கும் விலை விகிதத்தில் பிரிப்பார்கள். 4,200-இல் சட்டையின் பங்கு 980, ஆகவே 500-இல் அதன் பங்கு 117 ரூபாய் அளவில். 980-இல் அது போக 863 வரும். குறைந்தபட்ச பில்லைத் தொட்டு வாங்கிய கூப்பன் என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது: சட்டை போனதும் மீதித் தொகை வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால், சில கடைகள் கூப்பனையே ரத்து செய்து அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் திருப்பும். பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் விதிகளில் இது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சட்டையைத் திருப்புவதா, வேறு அளவுக்கு மாற்றிக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.